பவுன் இறங்கும்வரை காத்திருக்கலாமா? அலர்ட், லிமிட் ஆர்டர் பற்றி ஓர் எளிய கணக்கு

ஜூன் பிறந்தால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சில வீடுகளில் பிரிட்டிஷ் பவுன் விலை சாப்பாட்டு மேசைக்கே வந்துவிடுகிறது. பிள்ளைக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்துவிட்டது, செப்டம்பரில் கட்டணம் கட்ட வேண்டும், கையில் இருப்பதோ ரிங்கிட். இன்றே அனுப்பிவிடலாமா, பவுன் கொஞ்சம் இறங்கட்டும் என்று பொறுக்கலாமா? இந்தக் கேள்விக்குப் பதிலாக யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி, "இதில் அலர்ட் வைத்துவிடுங்கள், இறங்கினால் அதுவே சொல்லும்" என்பார். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர், "லிமிட் ஆர்டர் போட்டுவிடுங்கள், தூங்கினாலும் வேலை நடக்கும்" என்பார். இரண்டும் பயனுள்ள கருவிகள்தாம். ஆனால் அவை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

பட்டர்வொர்த்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்காக அவர் அனுப்ப வேண்டியது 20,000 பவுன். கடைசி நாள் செப்டம்பர் 15. ஜூன் நடுவில் கைப்பேசியில் பார்க்கிறார்: ஒரு பவுன் 5.70 ரிங்கிட். 5.60க்கு வந்தால் மாற்றிக்கொள்ளலாம், பத்து சென் இறங்கினாலே 2,000 ரிங்கிட் மிச்சம் என்று கணக்குப் போட்டு, 5.60க்கு அலர்ட் வைக்கிறார். இந்த விலைகளெல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை; நீங்கள் படிக்கும் நாளில் பவுன் வேறு எங்காவது நிற்கும்.

ஒரு மாதம் கழித்து அலர்ட் அடிக்கிறது. ஆசிரியை மகிழ்ச்சியோடு வங்கிக்குப் போகிறார். அங்கே இருக்கும் இளைஞர் சொல்லும் விலை 5.70.

"தம்பி, கைப்பேசியில் 5.60 என்று காட்டுகிறதே?"

"டீச்சர், அது சந்தையின் நடு விலை. அந்த விலைக்கு நாங்கள் யாருக்கும் விற்பதில்லை."

வங்கி இளைஞர் சொன்னது முழு உண்மை. ஆரம்பத்திலேயே நிகழும் இந்தக் குழப்பத்தால்தான் பலருடைய கணக்கு முழுவதும் தப்பாகிப் போகிறது.

கைப்பேசியில் தெரியும் விலை யாருடைய விலை?

லெபோ பசாரில் பணமாற்றுக் கடைப் பலகையைப் பார்த்தவர்களுக்கு ஒரே நாணயத்துக்கு இரண்டு விலை இருப்பது புதிதில்லை. கடைக்காரர் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. பெரிய வங்கிகள் தங்களுக்குள் வியாபாரம் செய்யும் சந்தையிலும் அப்படித்தான், இடைவெளி மட்டும் மிகச் சிறியது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எண்ணைத்தான் தேடுபொறிகளும் நாணயச் செயலிகளும் காட்டுகின்றன. அது ஓர் அளவுகோல். நமக்கு விற்கும்போது வங்கி அதன்மேல் தன் பங்கைச் சேர்த்துக்கொள்கிறது.

நம் கணக்கில் வங்கி பத்து சென் சேர்க்கிறது என்று கொள்வோம். ஜூன் நடுவில் நடு விலை 5.70 என்றால் ஆசிரியைக்கு வங்கி சொல்லியிருக்கும் விலை 5.80, 20,000 பவுனுக்கு 116,000 ரிங்கிட். அவர் மனத்தில் இருந்தது 5.60, அதாவது 112,000. வங்கியிடமிருந்து 5.60 கிடைக்க வேண்டுமானால் நடு விலை 5.50க்கு இறங்க வேண்டும். பத்து சென் இறக்கத்துக்குக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் இருபது சென் இறக்கத்துக்குக் காத்திருந்தார். இரண்டும் ஏதோ கொஞ்சம் முன்பின் என்று தோன்றும். இல்லை; வாய்ப்பே பாதியாகிவிடுகிறது. அந்தக் கணக்குக்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. அதே நாளில், பேங்க் நெகாரா உரிமம் பெற்ற பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்று மூன்று சென் மட்டும் சேர்த்து 5.73க்குத் தருகிறது என்று கொள்வோம். வங்கிக்கும் அதற்கும் ஏழு சென் வித்தியாசம், 1,400 ரிங்கிட். இதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், சந்தை இறங்கவும் வேண்டாம். காத்திருந்து பிடிக்க நினைக்கும் பத்து சென்னில் பெரும்பகுதி, இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டாலே கைக்கு வந்துவிடுகிறது. விலை கேட்கும்போது "உங்கள் கட்டணம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள், "கட்டணம் ஒன்றுமில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, விலைக்குள் சேர்த்துவிடுவார்கள். "பல்கலைக்கழகக் கணக்கில் சரியாக 20,000 பவுன் சேர, என் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரிங்கிட் போகும்?" என்று கேளுங்கள். ஒரே நாளில், கூடுமானவரை ஒரே மணி நேரத்தில், எல்லோரிடமும் இதே கேள்வி. விடைகளை ஒப்பிட வேறு கணக்கே தேவையில்லை.

அலர்ட் வைப்பதானால், இப்படிக் கண்டுபிடித்த இடைவெளியைக் கழித்துவிட்டு வைக்க வேண்டும். உங்களுக்கு 5.60 வேண்டும், நிறுவனம் சேர்ப்பது மூன்று சென் என்றால் அலர்ட் 5.57இல் இருக்க வேண்டும். கூடவே மேலேயும் ஓர் அலர்ட் வையுங்கள், 5.80க்கோ 5.85க்கோ. விலை இறங்கினால் சொல்லச் சொல்பவர்கள், ஏறினால் சொல்லச் சொல்வதேயில்லை. மூன்று வாரம் கைப்பேசி மௌனமாக இருந்தால் சந்தை அசையவில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதற்குள் அது எதிர்ப்பக்கம் நெடுந்தூரம் போயிருக்கும்.

லிமிட் ஆர்டர் என்ன செய்கிறது?

அலர்ட் செய்தி சொல்வதோடு நின்றுவிடும். லிமிட் ஆர்டர் செயலிலும் இறங்கும். "இந்தத் தொகையை, இந்த விலைக்கு, இந்த நாளுக்குள் கிடைத்தால் மாற்றிவிடு, கிடைக்காவிட்டால் ஒன்றும் செய்யாதே" என்று நிறுவனத்திடம் கொடுத்து வைக்கும் கட்டளை அது. தொகை, விலை, காலாவதி நாள் மூன்றும் அதில் இருக்கும். மலேசியாவில் இது எல்லா வங்கியிலும் சாதாரண வாடிக்கையாளருக்குக் கிடைப்பதில்லை. சில இடங்களில் செயலியிலேயே வசதி இருக்கும். சில இடங்களில் அந்நியச் செலாவணிப் பிரிவோடு தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். சில இடங்களில் அலர்ட் மட்டும்தான்.

இங்கேயும் விலைக் குழப்பம் உண்டு. சில நிறுவனங்களில் நீங்கள் எழுதும் விலை உங்கள் கைக்கு வரும் விலை. 5.60 என்று எழுதினால் 5.60தான், நடு விலை அதற்கும் கீழே போய், நிறுவனத்தின் பங்குக்கு இடம் கிடைக்கும்வரை ஆர்டர் தூங்கும். வேறு சில இடங்களில் நீங்கள் எழுதுவது நடு விலை. அது தொட்டவுடன் ஆர்டர் நிறைவேறும், கட்டணம் தனியாகச் சேரும். எழுதும் கட்டம் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டில் எது என்று கேட்காமல் ஆர்டர் போடக் கூடாது.

இன்னொன்று, ஆர்டர் நிறைவேறிவிட்டால் அது முடிந்த வியாபாரம். மகள் மனம் மாறி மெல்பர்னுக்குப் போகிறேன் என்றால் பவுனைத் திருப்பி விற்க வேண்டும். இடைவெளியை இரண்டு தடவை கட்டுவீர்கள். நிறைவேறும்வரை பெரும்பாலும் எந்த நேரத்திலும் ரத்து செய்யலாம். அதனால் படிப்பில் மாற்றம் வருமானால் முதலில் ரத்து செய்ய வேண்டியது இந்த ஆர்டரைத்தான், விமான டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, தூங்கினாலும் வேலை நடக்கிறது, விலையும் நாம் கேட்டது. அப்படியானால் லிமிட் ஆர்டர் போட்டால் லாபம்தானே?

பத்தில் ஆறு முறை

பவுனுக்கும் ரிங்கிட்டுக்கும் இடையிலான விலை மூன்று மாதத்தில் எவ்வளவு அசையும் என்பதற்கு ஓர் எண் வேண்டும். கணக்குக்காக இப்படிக் கொள்வோம்: இன்று 5.70 என்றால், மூன்று மாதம் கழித்து மூன்றில் இரண்டு முறை 5.50க்கும் 5.90க்கும் இடையில் இருக்கும். மீதி ஒரு முறை அதற்கு வெளியே. அதாவது வழக்கமான ஆட்டம் மேலும் கீழும் இருபது சென். மேலே போகுமா கீழே போகுமா என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது என்றும் கொள்வோம். இந்த இரண்டாவது அனுமானத்தைச் சிலர் ஏற்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் பவுன் எங்கே போகும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடுவோம்.

இந்த அனுமானங்களின்படி, மூன்றாவது மாதக் கடைசி நாளில் விலை 5.60க்குக் கீழே நிற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 31 விழுக்காடு. ஆனால் நமக்குக் கடைசி நாளில் நிற்க வேண்டியதில்லை. இடையில் ஒரு கணம் தொட்டால் போதும். தொட்டுவிட்டு மேலே திரும்பும் பாதைகளும் கணக்கில் சேர்கின்றன அல்லவா? நிகழ்தகவுக் கணிதத்தில் இதற்கு அழகான விடை உண்டு: திசையில்லாமல் அலையும் விலை ஓர் எல்லையைத் தொடும் வாய்ப்பு, அது கடைசியில் அந்த எல்லைக்கு அப்பால் நிற்கும் வாய்ப்பைப்போல இரு மடங்கு. ஆகவே 5.60ஐத் தொடும் வாய்ப்பு 62 விழுக்காடு, பத்தில் ஆறு முறை. லிமிட் ஆர்டரின் கவர்ச்சி முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நாமே பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிடும் கணநேர இறக்கத்தை அது பிடித்துவிடும்.

ஆசிரியையின் முதல் தவறு எவ்வளவு பெரியது என்பதும் இப்போது தெரிகிறது. 5.50ஐத் தொடும் வாய்ப்பு 32 விழுக்காடுதான். நடு விலையையும் வங்கி விலையையும் குழப்பிக்கொண்டதால் பத்தில் ஆறாக இருந்த வாய்ப்பு பத்தில் மூன்றாகிவிட்டது.

இனி மறுபக்கம். பத்தில் ஆறு முறை 2,000 ரிங்கிட் மிச்சம் என்றால், மீதி நான்கு முறை என்ன ஆகும்? அந்த நான்கில் விலை 5.60ஐ ஒருபோதும் தொடவில்லை. தொடாத பாதைகள் எப்படிப்பட்டவை? பெரும்பாலும் தொடக்கத்திலேயே மேலே கிளம்பிப் போய்விட்டவை. அப்படிப்பட்ட மூன்று மாதங்களின் முடிவில் விலை சராசரியாக பதினைந்து சென்னுக்கு மேல் ஏறியிருக்கும். செப்டம்பரில் கட்டணம் கட்டியே ஆக வேண்டும், ஆகவே ஏறிய விலைக்கு வாங்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 3,000 ரிங்கிட் கூடுதல். ஆறு முறை 2,000 என்றால் 12,000 லாபம்; நான்கு முறை 3,000 என்றால் 12,000 நட்டம். கழித்துப் பார்த்தால் கையில் எதுவும் நிற்கவில்லை.

இது தற்செயல் இல்லை. விலையின் திசை யாருக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்ட பிறகு, காத்திருக்கும் எந்த முறையும் சராசரியில் லாபம் தர முடியாது. எங்கே இலக்கு வைத்தாலும் இப்படித்தான் முடியும். அடிக்கடி வரும் சிறிய லாபத்தையும், எப்போதாவது வரும் பெரிய நட்டத்தையும் லிமிட் ஆர்டர் உங்களுக்கு மாற்றித் தருகிறது. ஆறு பேர் மகிழ்ச்சியோடு அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், நான்கு பேர் வாய் திறக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த முறைக்கு இவ்வளவு நல்ல பெயர்.

சிறிய கழிவு ஒன்றும் உண்டு. சில நிறுவனங்கள் ஆர்டருக்கான ரிங்கிட்டை முன்கூட்டியே தங்களிடம் போட்டுவைக்கச் சொல்லும். 114,000 ரிங்கிட், ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி தரும் நிரந்தர வைப்பில் மூன்று மாதம் இருந்தால் 700 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் வரும். ஆர்டருக்காக வட்டியில்லாமல் கிடந்தால் அது போயிற்று. பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும்: வங்கியில் இருக்கும் பணத்துக்கு பிடிம் எனப்படும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட்வரை காப்பு தருகிறது, வெளிநாட்டு நாணய வைப்புக்கும் சேர்த்து. பணம் அனுப்பும் நிறுவனத்தில் காத்துக்கிடக்கும் பணத்துக்கு அந்தக் காப்பு இல்லை.

ரிங்கிட்டுக்கு இரவு வேலை இல்லை

வெளிநாட்டு இணையப் பக்கங்களைப் படித்துவிட்டு ஆர்டர் போடும் மலேசியர்கள் கவனிக்காமல் விடுவது இதை. பவுன், டாலர், யூரோ எல்லாம் வாரத்தில் ஐந்து நாளும் இரவு பகலாக வியாபாரமாகின்றன. அமெரிக்கக் கோடைக்காலக் கணக்கில், மலேசிய நேரம் திங்கள் அதிகாலை 5 மணிக்குத் தொடங்கும் சந்தை சனி அதிகாலை 5 மணிக்குத்தான் மூடுகிறது. ரிங்கிட் அப்படியில்லை. 1998 நிதி நெருக்கடியின்போது கொண்டுவந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு, ரிங்கிட் நாட்டுக்கு வெளியே வியாபாரமாகும் நாணயமாக இல்லை. டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்த விலையை 2005 ஜூலையில் அவிழ்த்துவிட்டார்கள். ஆனாலும் ரிங்கிட்டின் சந்தை உள்நாட்டில், பகல் வேலை நேரத்தோடு கட்டுண்டதாகவே இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குச் செயலியில் ரிங்கிட் விலை அசைவதைப் பார்த்தால், அது பெரும்பாலும் ஒரு குறியீட்டு எண். அந்த விலைக்கு உங்களுக்கு விற்க யாரும் விழித்திருக்கவில்லை.

பவுன்–ரிங்கிட் விலை இரண்டு விலைகளின் பெருக்கல். ஒரு பவுன் 1.34 டாலர், ஒரு டாலர் 4.25 ரிங்கிட் என்றால் பெருக்கினால் 5.70 வருகிறது. முதல் எண் பெரிதாக அசைவது லண்டன் விழித்திருக்கும்போது, அதாவது நம் பிற்பகலிலிருந்து நள்ளிரவுவரை. இரண்டாவது எண் அசைவது நம் பகலில். பவுன் இரவில் சரிந்து விடிவதற்குள் மீண்டுவிட்டால், அலர்ட் அடித்திருக்கும். உங்கள் ரிங்கிட் ஆர்டர் நிறைவேறியிருக்காது. பத்தில் ஆறு என்ற கணக்கிலிருந்து இதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

2016 அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை நடந்தது இதற்குக் கண்கண்ட சாட்சி. மலேசிய நேரம் காலை 7 மணியைத் தாண்டிய சில நிமிடங்களில் பவுன் டாலருக்கு எதிராக ஏறக்குறைய 9 விழுக்காடு வீழ்ந்து, அதில் பெரும்பகுதியை அதே வேகத்தில் மீட்டுக்கொண்டது. பினாங்கில் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். எந்த வங்கியும் கதவு திறக்கவில்லை. அலர்ட் வைத்திருந்தவர்களுக்குக் கைப்பேசி அலறியிருக்கும். அதைக் கையில் எடுத்து என்னவென்று பார்ப்பதற்குள் விலை போய்விட்டது.

எதிர்மாறான அனுபவமும் உண்டு. 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டிஷ் அரசு அறிவித்த வரிக்குறைப்புத் திட்டத்தில் சந்தை மிரண்டது. வார விடுமுறை முடிந்து 26ஆம் தேதி திங்கள் காலை, ஆசிய நேரத்தில், பவுன் 1.04 டாலருக்கும் கீழே சரிந்தது. அதுவரை காணாத தாழ்வு. அதே வாரத்தில் 1.10ஐத் தாண்டி மீண்டது. கட்டணம் கட்டும் பருவம் அது. அந்தத் திங்கள் காலையில் ரிங்கிட் கையில் தயாராக, ஆர்டரும் போட்டு வைத்திருந்தவருக்கு நல்ல வேட்டை. ஆனால் அலர்ட் பார்த்துவிட்டுப் பிறகு ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்க விண்ணப்பித்தவருக்கு அந்த விலை கிடைத்திருக்காது. பவுனை விட்டு டாலரை மட்டும் பார்த்தாலும், 2024 பிப்ரவரியில் 4.80ஐ நெருங்கியது, அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 4.12 அளவுக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் பயந்து வாங்கியவரும் சரி, செப்டம்பரில் 4.00க்கு லிமிட் போட்டுக் காத்திருந்தவரும் சரி, அடுத்த சில மாதங்களில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்; 2025 தொடக்கத்தில் டாலர் மறுபடியும் 4.50 பக்கம் போய்விட்டது.

ஏறினால் என்ன செய்வது?

லிமிட் ஆர்டருக்கு நல்ல பக்கம் மட்டும்தான் தெரியும். விலை ஏறிக்கொண்டே போனால் அது ஒன்றும் செய்யாமல் இருக்கும், சொன்னது அவ்வளவுதானே. அதற்காகத்தான் ஸ்டாப் ஆர்டர். "விலை 5.90ஐத் தொட்டால், இதற்கு மேல் பொறுக்காமல் வாங்கிவிடு" என்பது அது. இரண்டையும் சேர்த்து, ஒன்று நிறைவேறினால் மற்றது தானாக ரத்தாகும்படி சில நிறுவனங்கள் ஏற்பாடு செய்து தரும்.

ஆசிரியை வங்கி விலையில் 5.70க்கு லிமிட், 5.90க்கு ஸ்டாப் வைத்தால், அவருக்கு ஆகும் செலவு 114,000க்கும் 118,000க்கும் இடையில் அடங்கிவிடும். இன்றைய 116,000க்கு மேலும் கீழும் 2,000. எது முதலில் தொடும் என்பது நாணயத்தைச் சுண்டுவதுபோல்தான். ஆனால் இப்போது மோசமான முடிவின் அளவு தெரிந்துவிட்டது. குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி.

ஸ்டாப்பிலும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. அது விலையை உறுதி செய்வதில்லை. தொட்டவுடன் அப்போது கிடைக்கும் விலைக்கு வாங்குகிறது. வெள்ளி மாலை 5.86இல் மூடிய சந்தை திங்கள் காலை 5.97இல் திறந்தால் உங்களுக்குக் கிடைப்பது 5.97தான், 5.90 இல்லை. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று காத்துவந்த தரைவிலையைத் திடீரென்று கைவிட்டபோது, இடையில் வியாபாரமே நடக்காமல் விலை சில நிமிடங்களில் 1.00க்கும் கீழே பாய்ந்தது. ஸ்டாப் வைத்திருந்தவர்களுக்கு அவர்கள் எழுதிவைத்த விலைக்கு அருகில்கூட எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாவது ஓட்டை, வழக்கமான ஆட்டத்திலேயே ஸ்டாப் தொடப்பட்டுவிடலாம். பத்து சென் மேலே வைத்த ஸ்டாப்பையும் விலை பத்தில் ஆறு முறை தொட்டுவிட்டுத்தான் போகும், கீழே வைத்த லிமிட்டைப் போலவே. 5.90இல் வாங்கிய மறுவாரம் விலை 5.75க்குத் திரும்பினால் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், ஆசிரியை நிலையில் இருப்பவர் 20,000 பவுனில் பாதியை, மலிவான நிறுவனத்தைக் கண்டுபிடித்த அன்றே வாங்கிவிட வேண்டும். மீதிப் பாதிக்கு லிமிட், ஸ்டாப் இரண்டும் வைத்துக்கொள்ளலாம். இதனால் சராசரி விலை குறையாது என்று மேலே கணக்கே போட்டுவிட்டேன், வருத்தம்தான் பாதியாகும். கட்டணம் கட்ட முடியாமல் போகும் அளவுக்கு விலை ஏறினால் தாங்க முடியாத குடும்பம் முழுவதையும் உடனே வாங்குவதே மேல். ஒரு சென் இரண்டு சென் பார்த்துக்கொண்டிருக்க அது சூதாட்டப் பணம் இல்லை, பிள்ளையின் படிப்பு.

ஆர்டர் போடுவதற்கு முந்தைய வேலைகள்

இலக்கு விலையைவிட முக்கியம் காலாவதி நாள். அதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். பல்கலைக்கழகத்துக்குச் செப்டம்பர் 15இல் பணம் சேர வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் இடைத்தரகு வங்கிகள் வழியே போய்ச் சேர ஒன்றிலிருந்து மூன்று வேலை நாள் ஆகலாம். நாணயம் மாற்றும் வியாபாரமே வழக்கமாக இரண்டு வேலை நாள் கழித்துத்தான் தீர்வாகும். மாணவர் எண்ணைத் தவறாக எழுதி, பணம் யாருடையது என்று தெரியாமல் அங்கே கிடந்தால் அதைத் தேடுவதற்கும் நாள் வேண்டும். நடுவில் ஆகஸ்ட் 31 தேசிய தினம். இங்கிலாந்தில் ஆகஸ்ட் கடைசித் திங்கள் வங்கி விடுமுறை. எல்லாவற்றையும் கழித்தால் ஆர்டர் செப்டம்பர் 1ஐத் தாண்டக் கூடாது. அன்றும் நிறைவேறவில்லை என்றால் மறுநாள் காலை, கிடைக்கும் விலைக்கு வாங்கிவிட வேண்டும். இந்த முடிவை ஜூனிலேயே எழுதிவைத்துவிட வேண்டும். ஆகஸ்ட் கடைசியில், "இன்னும் இரண்டு நாள் பார்ப்போமே" என்ற பேச்சு எப்படியும் வீட்டில் எழும்.

பணத்தை நகர்த்தும் வழியையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். இணைய வங்கியில் ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. 110,000 ரிங்கிட்டுக்கு மேல் என்றால் பலருடைய கணக்கில் ஒரே நாளில் போகாது. வரம்பை உயர்த்தவோ புதிய கைப்பேசியைப் பதிவு செய்யவோ போனால், மோசடிகளைத் தடுப்பதற்காக வங்கிகள் வைத்திருக்கும் காத்திருப்பு நேரம் குறுக்கே வரும். அலர்ட் அடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. பணம் அனுப்பும் நிறுவனமும், பெரிய தொகை என்றால் பணம் எங்கிருந்து வந்தது, யாருக்கு, எதற்கு என்று கேட்கும். சேர்க்கைக் கடிதம், கட்டண விலைப்பட்டியல், சேமநிதிக் கணக்கறிக்கை ஆகியவற்றை முன்பே பதிவேற்றி ஒப்புதல் வாங்கிவைக்கலாம். சில நிறுவனங்கள், சரிபார்ப்பு முடியாத வாடிக்கையாளரின் ஆர்டரை நிறைவேற்றாமல் நிறுத்திவைக்கும். ஆர்டர் போட்ட அன்று எந்த எச்சரிக்கையும் வராது.

ஆசிரியைக்குச் செய்து பார்க்கச் சொல்வது ஒரு சிறிய வெள்ளோட்டம். முதலில் 500 பவுன் மட்டும், அதே நிறுவனம் வழியே, அதே பல்கலைக்கழகக் கணக்குக்கு, அன்றைய விலையில் அனுப்ப வேண்டும். எத்தனை நாளில் சேர்ந்தது, நடுவில் எந்த வங்கியாவது கட்டணம் பிடித்ததா, மாணவர் கணக்கில் சரியாக வரவு வைத்தார்களா என்று மகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அன்றைய நடு விலைக்கும் அவருக்குக் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அலர்ட்டை எந்த எண்ணில் வைப்பது என்று அதுவே சொல்லிவிடும். மீதி 19,500 பவுனுக்கான ஆர்டரை அதற்குப் பிறகு எழுதலாம்.